நான்கு கேட்டில் ஒரு கூட்டல்

பள்ளிக்கூடத்தில் ஏழையும் எட்டையும் கூட்டும்போது ஐந்தை எழுதி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். கணிப்பொறியும் அப்படித்தான் கூட்டுகிறது. அதற்குத் தெரிந்த இலக்கங்கள் 0, 1 ஆகிய இரண்டு மட்டுமே. ஆகவே ஓர் இலக்கத்தோடு இன்னோர் இலக்கத்தைக் கூட்டுவதில் மொத்தம் நான்கே கணக்குகள் உண்டு. பூஜ்யமும் பூஜ்யமும் பூஜ்யம். ஒன்றும் பூஜ்யமும், எந்த வரிசையில் வந்தாலும், ஒன்று. ஒன்றும் ஒன்றும் இரண்டு. இரும முறையில் இரண்டை 10 என்று எழுதுவதால், 0 எழுதி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். எழுதும் இலக்கத்துக்குக் கூடுதல் என்றும், கையில் வைப்பதற்குக் கேரி என்றும் பெயர். இந்த நான்கு கணக்குகளையும் போடத் தெரிந்த மின்சுற்றுதான் அரைக் கூட்டி. கீழ் இலக்கத்திலிருந்து வரும் கேரியை அதனால் சேர்த்துக்கொள்ள முடியாது. அதனால்தான் ‘அரை’.

அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ் 1937-இல் தன் வீட்டுச் சமையலறை மேசையில் இரும இலக்கங்களைக் கூட்டும் ஒரு சுற்றைச் செய்தார். கைக்குக் கிடைத்த ரிலேக்கள், டார்ச் பல்புகள், புகையிலை டப்பாவிலிருந்து வெட்டிய தகரத் துண்டுகள் ஆகியவைதான் அதன் பாகங்கள். சமையலறையை நினைவூட்டும்படி அதற்கு ‘மாடல் கே’ என்று பெயர் வந்தது. அதே கூட்டலை இன்று கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளமான ஒரு சிப்பை வைத்து, சாலிடரிங் இல்லாமல், பிரெட்போர்டில் செய்துவிடலாம். அந்தச் சிப்பின் எண் 74HC00. உள்ளே இருப்பவை நான்கு நேண்ட் கேட்டுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு உள்ளீடு, ஒரு வெளியீடு.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. நேண்ட் கேட்டுகளை மட்டும் வைத்து அரைக் கூட்டி செய்ய, பாடப்புத்தகப் படம் ஐந்து கேட்டுகளைக் கேட்கும். சிப்பில் இருப்பவை நான்கு. ஐந்தாவதற்காக இன்னொரு சிப்பை வாங்கிச் செருகுகிறவர்கள் உண்டு. அதற்குத் தேவை இல்லை என்பது என் கருத்து. ஏன் என்று பார்க்க, முதலில் நேண்ட் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

நேண்ட் கேட்டின் இரண்டு உள்ளீடுகளும் 1 ஆக இருந்தால் மட்டும் வெளியீடு 0. மற்ற எல்லா நேரத்திலும் வெளியீடு 1. இவ்வளவுதான் விதி. இந்த ஒரே செயலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி வேறு எந்தத் தர்க்கச் செயலையும் உருவாக்கிவிடலாம். ஹென்றி ஷெஃபர் என்ற தர்க்கவியலாளர் 1913-இல் வெளியிட்ட கட்டுரையால் இந்த உண்மை பரவலாகத் தெரியவந்தது.

கூட்ட வேண்டிய இரண்டு இலக்கங்களையும் அ, ஆ என்று வைத்துக்கொள்வோம். முதல் கேட்டுக்கு அ, ஆ இரண்டையும் கொடுக்கிறோம். அதிலிருந்து வருவதை ‘இடைநிலை’ என்று சொல்லலாம். இரண்டாவது கேட்டுக்கு அ-வும் இடைநிலையும். மூன்றாவது கேட்டுக்கு ஆ-வும் இடைநிலையும். இரண்டாவது, மூன்றாவது கேட்டுகளின் வெளியீடுகள் நான்காவதற்குப் போகின்றன. நான்காவதிலிருந்து வருவதுதான் கூடுதல்.

அ = 1, ஆ = 0 என்று வைத்து ஓட்டிப் பார்ப்போம். முதல் கேட்டில் ஓர் உள்ளீடு 0, ஆகவே இடைநிலை 1. இரண்டாவது கேட்டுக்கு 1, 1 போகிறது, வெளியீடு 0. மூன்றாவது கேட்டுக்கு 0, 1 போகிறது, வெளியீடு 1. நான்காவதற்கு 0, 1 வந்து சேர்கிறது, கூடுதல் 1. சரியான விடை. இப்போது இரண்டையும் 1 ஆக்குவோம். இடைநிலை 0 ஆகிவிடுகிறது. அந்த 0 இரண்டாவது, மூன்றாவது கேட்டுகள் இரண்டுக்கும் போவதால் இரண்டும் 1 தருகின்றன. நான்காவதற்கு 1, 1 கிடைப்பதால் கூடுதல் 0. இதுவும் சரி.

கேரி எங்கே? இரண்டும் 1 ஆக இருக்கும்போது மட்டும் கேரி 1 ஆக வேண்டும். இடைநிலையைப் பாருங்கள்: இரண்டும் 1 ஆக இருக்கும்போது மட்டும் அது 0 ஆகிறது. அதாவது கேரி ஏற்கெனவே சுற்றுக்குள் இருக்கிறது, தலைகீழாக. அதை நேராக்குவதற்குத்தான் பாடப்புத்தகம் ஐந்தாவது கேட்டைக் கேட்கிறது. நமக்குத் தேவையானது, கேரி வரும்போது ஒரு விளக்கு எரிய வேண்டும், அவ்வளவே. வழக்கமாக எல்.இ.டி.யை வெளியீட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே போடுவோம். வெளியீடு 1 ஆனால் எரியும். இங்கே அதை பாசிட்டிவ் சப்ளைக்கும் இடைநிலைக்கும் நடுவே போட்டால் போதும். இடைநிலை 1 ஆக இருக்கும்வரை எல்.இ.டி.யின் இரு முனைகளிலும் ஏறக்குறைய ஒரே மின்னழுத்தம், எரியாது. இடைநிலை 0 ஆனதும் சப்ளையிலிருந்து எல்.இ.டி. வழியாக மின்சாரம் கேட்டுக்குள் இறங்கும், விளக்கு எரியும். ஐந்தாவது கேட்டின் வேலையை விளக்கின் திசையே செய்துவிடுகிறது.

இனி டேட்டாஷீட். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் உட்பட பல நிறுவனங்கள் இந்தச் சிப்பைச் செய்கின்றன. எந்த நிறுவனத்தின் டேட்டாஷீட்டிலும் முதல் சில பக்கங்களுக்குள் பின் வரைபடம் இருக்கும்: ஒரு செவ்வகம், இரண்டு பக்கமும் ஏழேழு கால்கள், மேல் விளிம்பில் ஓர் அரைவட்டப் பள்ளம். அந்தப் பள்ளம் சிப்பின் உடம்பிலும் இருக்கும். சில சிப்புகளில் அதற்குப் பதிலாகவோ அதனோடு சேர்த்தோ ஒரு புள்ளி குழிந்திருக்கும். பள்ளத்தை மேல்பக்கம் வைத்துப் பிடித்தால் இடது பக்கத்து முதல் கால்தான் 1-ஆம் பின். அங்கிருந்து கீழே இறங்கி 7 வரை எண்ண வேண்டும். பிறகு அப்படியே எதிர்ப்பக்கம் தாண்டி, கீழிருந்து மேலாக 8 முதல் 14 வரை. கடிகார முள் சுற்றுவதற்கு எதிர்த்திசை. 7 கிரவுண்ட். 14 சப்ளை.

வரைபடத்தில் 1A, 1B, 1Y என்று எழுதியிருப்பதில் முன்னால் உள்ள எண் எத்தனையாவது கேட் என்பதைக் குறிக்கும். A, B உள்ளீடுகள். Y வெளியீடு. இடது பக்கத்தில் 1, 2 உள்ளீடுகள், 3 வெளியீடு. 4, 5 உள்ளீடுகள், 6 வெளியீடு. இதைப் பார்த்துவிட்டு, வலது பக்கமும் 8, 9 உள்ளீடு, 10 வெளியீடு என்றுதான் இருக்கும் என மனம் முடிவு கட்டிவிடும். அது தவறு. அங்கே 8 வெளியீடு. 9, 10 உள்ளீடுகள். 11 வெளியீடு, 12, 13 உள்ளீடுகள். எண் வரிசையில் பார்க்காமல் படத்தைப் பார்த்தால் விஷயம் எளிது: இரு பக்கமும் மேலிருந்து கீழே வரும்போது உள்ளீடு, உள்ளீடு, வெளியீடு என்ற ஒழுங்குதான் இருக்கிறது. வலது பக்கத்தில் எண்கள் கீழிருந்து ஏறுவதால்தான் வரிசை மாறித் தெரிகிறது. படத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆனால் வயர் மாட்டும்போது அது கண்முன் இருக்க வேண்டும்.

கடையில் வாங்கும்போதே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் எலெக்ட்ரானிக்ஸ் கடையிலோ ‘நேண்ட் ஐசி’ என்று மட்டும் கேட்டால் CD4011 கைக்கு வரக்கூடும். அதுவும் 14 கால், அதிலும் நான்கு நேண்ட், அதிலும் 7 கிரவுண்ட், 14 சப்ளை. பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் அதில் 1, 2 உள்ளே போய் 3-இல் வெளியே வரும். 5, 6 உள்ளே போய் 4-இல் வரும். 8, 9 உள்ளே போய் 10-இல் வரும். 12, 13 உள்ளே போய் 11-இல் வரும். 74HC00-க்குப் போட்ட வயரிங்கில் இதைச் செருகினால் இரண்டு பட்டன்களிலிருந்தும் வரும் வயர்கள் வெளியீட்டுக் கால்களில் போய் முட்டும்; வேறு சில உள்ளீடுகள் எந்த வெளியீட்டோடும் சேராமல் தங்களுக்குள்ளேயே இணைந்து நிற்கும். CD4011-ஐ வைத்தும் இதே அரைக் கூட்டியைச் செய்யலாம், வயரிங்கை அதன் படத்துக்கேற்ப மாற்றினால். ஆனால் குறைந்த மின்னழுத்தத்தில் அதன் வெளியீடு ஒரு மில்லி ஆம்பியர் அளவுக்குத்தான் உறுதியாக மின்சாரம் தரும், விளக்கு மங்கும். எண்ணின் கடைசி எழுத்தையும் கவனியுங்கள். டெக்சாஸ் சிப்பில் SN74HC00N என்று இருந்தால் பிரெட்போர்டில் செருகக்கூடிய நீளக் கால் வகை. கடைசி எழுத்து D ஆக இருந்தால் பலகைமேல் ஒட்டிச் சாலிடர் செய்யும் சின்ன வகை; பிரெட்போர்டில் நிற்காது.

சப்ளைக்கு மூன்று டபுள்-ஏ பேட்டரிகள் போதும்: 4.5 வோல்ட். 74HC00 வேலை செய்யப் பரிந்துரைக்கப்பட்ட வரம்பு 2 முதல் 6 வோல்ட் வரை. 7 வோல்ட்டைத் தாண்டினால் சிப்பைச் சேதப்படுத்தும் எல்லைக்குள் நுழைந்துவிடுகிறோம். ஆகவே 9 வோல்ட் பேட்டரியை நேரடியாக மாட்டவே கூடாது.

பிரெட்போர்டின் நடுவில் ஓடும் பள்ளத்தின் இரு கரைகளிலும் ஒவ்வொரு வரிசையிலும் ஐந்து துளைகள் உள்ளே ஒரே உலோகத் தகட்டால் இணைந்திருக்கும். சிப் அந்தப் பள்ளத்தின் குறுக்கே உட்கார வேண்டும். அப்போதுதான் எதிரெதிர்க் கால்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. புதுச் சிப்பின் கால்கள் சற்று அகன்றே இருக்கும். ஒரு பக்கத்துக் கால்களை மேசைமேல் படிய வைத்து மெல்ல அழுத்தி, இரு வரிசையும் நேராக நிற்கும்படி செய்துகொண்டு செருகுங்கள். இல்லாவிட்டால் ஏதாவது ஒரு கால் துளைக்குள் போகாமல் சிப்பின் அடியில் மடங்கிக்கொள்ளும். மேலிருந்து பார்த்தால் அது செருகியது போலவே தெரியும்.

நீளமான பிரெட்போர்டுகளில் ஓரமாக ஓடும் சப்ளை வரிசை பாதியில் துண்டாகி இருப்பது உண்டு. சிவப்பு, நீலக் கோடுகள் நடுவில் விட்டிருந்தால் அதுதான் அடையாளம். ஒரு சின்ன வயரால் இரு பாதியையும் இணைக்க வேண்டும். 14-ஆம் பின்னைப் பாசிட்டிவோடும் 7-ஆம் பின்னைக் கிரவுண்டோடும் சேர்த்தபின், அந்த இரண்டுக்கும் நடுவே சிப்புக்கு அருகிலேயே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கபாசிட்டர் ஒன்றைப் போடுங்கள். அதன்மேல் 104 என்று அச்சிட்டிருக்கும். கேட்டுகள் நிலை மாறும் கணத்தில் சிப் திடீரென இழுக்கும் மின்சாரத்தை அது பக்கத்திலிருந்தே கொடுக்கும்.

உள்ளீட்டுக்கு இரண்டு புஷ் பட்டன்கள். பட்டனை அழுத்தினால் 1, விட்டால் 0. ஆனால் விட்டவுடன் தானாக 0 ஆகிவிடாது. பட்டன் திறந்ததும் சிப்பின் கால் எதோடும் சேராமல் அந்தரத்தில் நிற்கும். இந்த வகைச் சிப்பின் உள்ளீடு ஏறக்குறைய மின்சாரமே இழுக்காது. ஆகவே விரல் பக்கத்தில் வந்தாலே அது 0-க்கும் 1-க்கும் நடுவே அலையும். இதைத் தடுக்க, 1-ஆம் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று. 2-ஆம் பின்னிலிருந்தும் அதே போல ஒன்று. பட்டனுக்கும் பின்னுக்கும் நடுவே 1 கிலோஓம் ஒன்று போடுவதையும் பரிந்துரைக்கிறேன். பல படங்களில் இது இருக்காது. இதன் பயன் பின்னால் வரும். பட்டனை அழுத்தும்போது இந்த இரண்டு ரெசிஸ்டர்களும் மின்னழுத்தத்தைப் பங்கிட்டு, பின்னில் சுமார் 4.1 வோல்ட் வரும். 4.5 வோல்ட் சப்ளையில் 3.15-க்கு மேல் இருந்தால் அதை 1 என்று ஏற்பதாக டேட்டாஷீட் உறுதி தருகிறது. ஆகவே பிரச்சினை இல்லை.

இனி கேட்டுகளுக்கிடையே ஓட வேண்டிய வயர்கள். மொத்தம் ஆறுதான்:

```
1 - 4
2 - 10
3 - 5
3 - 9
6 - 12
8 - 13
```

முதல் இரண்டும் அ, ஆ பட்டன்களை இரண்டாவது, மூன்றாவது கேட்டுகளுக்கும் கொண்டுபோகின்றன. அடுத்த இரண்டும் இடைநிலையைப் பிரித்துக் கொடுக்கின்றன. கடைசி இரண்டும் நான்காவது கேட்டுக்குப் போய்ச் சேர்கின்றன. 11-ஆம் பின்னிலிருந்து ஒரு 1 கிலோஓம் ரெசிஸ்டர், அதன் பின் எல்.இ.டி.யின் நீளக் கால், குட்டைக் கால் கிரவுண்டுக்கு: இது கூடுதல் விளக்கு. கேரி விளக்குக்கு நேர்மாறாக, பாசிட்டிவ் வரிசையிலிருந்து 1 கிலோஓம், அதன் பின் எல்.இ.டி.யின் நீளக் கால், குட்டைக் கால் 3-ஆம் பின்னுக்கு. சிவப்பு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும், மீதி 2.5 வோல்ட் 1 கிலோஓமில் விழுவதால் மின்சாரம் 2.5 மில்லி ஆம்பியர். இந்தச் சப்ளையில் 4 மில்லி ஆம்பியர் வரை இழுத்தாலும் வெளியீட்டு மின்னழுத்தம் கெடாது என்பது டேட்டாஷீட்டின் வாக்கு. இங்கே அது முக்கியம், ஏனென்றால் 3-ஆம் பின் விளக்கை மட்டும் அல்ல, இரண்டு கேட்டுகளையும் சேர்த்து ஓட்டுகிறது. 220 ஓம் போட்டால் விளக்கு இன்னும் பளிச்சென்று எரியும். ஆனால் அது டேட்டாஷீட் உறுதி தரும் எல்லைக்கு வெளியே போய்விடுகிறது.

3-ஆம் பின்னின் வரிசையில் சிப்பின் கால், இரண்டு வயர்கள், எல்.இ.டி. என்று நான்கு துளைகள் போய்விடும். மிஞ்சும் ஐந்தாவது துளையில் ஒரு சின்னக் கம்பித் துண்டைச் செருகி வையுங்கள். மல்டிமீட்டர் முனையால் தொடுவதற்கு வசதி.

நான்கு கணக்குகளையும் போட்டுப் பாருங்கள். எதையும் அழுத்தாமல் விட்டால் இரண்டு விளக்கும் அணைந்திருக்கும். ஏதாவது ஒரு பட்டனை அழுத்தினால் கூடுதல் விளக்கு மட்டும். இரண்டையும் அழுத்தினால் கூடுதல் அணைந்து கேரி எரியும்.

அப்படி வராவிட்டால்? அடிக்கடி நடக்கும் தவறு ஒன்றை எடுத்துக்கொள்வோம்: மூன்றாவது கேட்டை இடது பக்கம் போல நினைத்து, ஆ-வை 8-க்கும் இடைநிலையை 9-க்கும் கொடுத்து, 10-லிருந்து 13-க்கு வயர் போட்டுவிட்டார் ஒருவர். அ பட்டன் சரியாக வேலை செய்வது போலவே தோன்றலாம். ஆ பட்டனை அழுத்தினால் எதுவும் மாறாது. சில நேரம் கூடுதல் விளக்கு அணையாமலே எரியும். வலது பக்கத்து வயர்களை விரலால் தொட்டால் விளக்கு நிலை மாறும். விரலுக்கு விளக்கு பதில் சொன்னால், எங்கோ ஓர் உள்ளீடு அந்தரத்தில் நிற்கிறது என்று முடிவு செய்யலாம். இங்கே 10-உம் 13-உம் இரண்டுமே உள்ளீடுகள். அவற்றை ஓட்ட ஆளே இல்லை.

அடுத்து மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் கிரவுண்டில் வைத்து, சிவப்பு முனையால் 2-ஆம் பின்னைத் தொட்டுக்கொண்டு ஆ பட்டனை அழுத்துங்கள். 4.1 வோல்ட் வர வேண்டிய இடத்தில், பட்டனுக்குச் சம்பந்தமே இல்லாதது போல, பூஜ்யத்துக்கு அருகிலோ 4.5-க்கு அருகிலோ நின்றுவிடும். காரணம், 2-ஆம் பின் வயர் வழியாக 8-ஆம் பின்னோடு இணைந்திருக்கிறது. 8 ஒரு வெளியீடு. அது தன் விருப்பப்படி மேலே பிடிக்கிறது அல்லது கீழே இழுக்கிறது. 1 கிலோஓம் வழியாக வரும் பட்டனின் மின்சாரத்தால் அதை எதிர்க்க முடியவில்லை. அந்த ரெசிஸ்டர் இல்லாமல் பட்டன் நேராக 4.5 வோல்ட்டை 8-ஆம் பின்மேல் அழுத்தியிருந்தால், கீழே இழுக்கும் டிரான்சிஸ்டர் வழியாக பல மில்லி ஆம்பியர் பாய்ந்து சிப் சூடாகியிருக்கும். தவறு வந்தால் அது சிப்பைக் காப்பதோடு, தவறு எங்கே என்பதையும் மீட்டரில் காட்டிவிடுகிறது. நான் அதைப் பரிந்துரைத்ததற்கு இதுதான் காரணம்.

ஒரு பின்னில் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் வேறுபாடு தெரியாமல் குழம்பினால், எல்லா வயரையும் பிடுங்க வேண்டாம். முதல் கேட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வெளியீடாக, 3, 6, 8, 11 என்ற வரிசையில் அளந்துகொண்டே வாருங்கள். இரண்டு பட்டனும் அழுத்தாத நிலையில் 3, 6, 8 மூன்றும் 4.5-க்கு அருகில், 11 மட்டும் பூஜ்யத்துக்கு அருகில் இருக்க வேண்டும். முதலில் எது பிசகுகிறதோ அந்தக் கேட்டின் உள்ளீடுகளைப் பாருங்கள். உள்ளீடுகள் சரியாக இருந்து வெளியீடு மட்டும் தவறாக இருப்பது அபூர்வம். சிப் கெட்டிருந்தாலோ, அந்த வெளியீட்டை வேறு ஏதோ இழுத்துக்கொண்டிருந்தாலோதான் அப்படி நடக்கும்.

கடைசியாக, விடை எல்லாம் சரியாக வந்தும் வயரிங் தவறாக இருக்கும் ஒரு நிலை. 14-ஆம் பின்னுக்குச் சப்ளை வயர் போடவே மறந்துவிட்டால் என்ன ஆகும்? சிப் செத்துக் கிடக்கும் என்றுதான் எதிர்பார்ப்போம். ஆனால் இந்த வகைச் சிப்பின் ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் சப்ளைக் காலுக்கும் நடுவே, மின்னழுத்தம் அத்துமீறினால் சிப்பைக் காப்பதற்காக, உள்ளேயே ஒரு டயோடு வைத்திருக்கிறார்கள். பட்டனை அழுத்தியதும் உள்ளீட்டுக் காலில் வரும் மின்சாரம் அந்த டயோடு வழியாக ஏறிச் சப்ளைக் காலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். 2 வோல்ட்டிலேயே ஓடக்கூடிய சிப் அந்தத் திருட்டு மின்சாரத்தில் ஓடத் தொடங்கிவிடும். பட்டன் அழுத்தாத நிலையில் இரண்டு விளக்கும் அணைந்திருக்க வேண்டும் என்பதுதான் விடையே. சிப் ஓடாவிட்டாலும் அப்படித்தான் தெரியும். ஆக, நான்கு கணக்கும் சரி என்று தோன்றலாம். வித்தியாசம் ஒன்றுதான்: கூடுதல் விளக்கு வழக்கத்தைவிட மங்கலாக எரியும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, மீட்டர் முனைகளைச் சப்ளை வரிசையில் வைக்காமல் சிப்பின் 14, 7 ஆகிய கால்களின் மேலேயே வைத்து அளப்பது. பேட்டரியின் மின்னழுத்தம் அப்படியே வர வேண்டும். மூன்று வோல்ட் அளவில் வந்தால் சப்ளை வேறு வழியாக நுழைகிறது. பிரெட்போர்டு வரிசையில் 4.5 வோல்ட் இருப்பது, அது சிப்பின் காலுக்கு வந்துவிட்டது என்பதற்குச் சான்று ஆகாது. மடங்கிய கால், துண்டான சப்ளை வரிசை, மறந்த வயர் ஆகிய மூன்றும் இந்த ஓர் அளவில் சிக்கிவிடும்.

சிப்பைத் தலைகீழாகச் செருகினால் இப்படி ஏமாற்றாது. 14 இருக்க வேண்டிய இடத்தில் 7 வந்து, சப்ளை தலைகீழாகப் பாயும். உள்ளே இருக்கும் டயோடுகள் எல்லாம் நேராகக் கடத்தத் தொடங்கும். சிப்பின் முதுகைத் தொட்டால் சுடும். உடனே பேட்டரியைக் கழற்ற வேண்டும்.

தலைகீழாக இருக்கும் அந்தக் கேரி, விளக்குக்கு மட்டும் உதவும் தந்திரம் அல்ல. கீழ் இலக்கத்திலிருந்து வரும் கேரியையும் சேர்த்து மூன்று இலக்கங்களைக் கூட்டும் முழுக் கூட்டிக்கு, நாம் செய்த நான்கு கேட் தொகுதி இரண்டு வேண்டும். முதல் தொகுதி அ, ஆ இரண்டையும் கூட்டும். இரண்டாவது தொகுதி, அந்தக் கூடுதலோடு கீழிருந்து வந்த கேரியைக் கூட்டும். இரண்டில் எதில் கேரி வந்தாலும் மேல் இலக்கத்துக்கு அனுப்ப வேண்டும். இரண்டு தொகுதிகளின் இடைநிலைகளையும், தலைகீழாக இருக்கும் அதே நிலையில், ஒன்பதாவது நேண்ட் கேட் ஒன்றுக்குக் கொடுத்தால் போதும். இரண்டில் ஏதாவது ஒன்று 0 ஆனாலும் அதன் வெளியீடு 1. கேரிகளை முன்னாலேயே நேராக்கிவிட்டிருந்தால் அதற்காக இரண்டு கேட்டுகள் செலவாகியிருக்கும். அவற்றைச் சேர்க்கவும் நேண்ட் அல்லாத வேறு கேட் தேவைப்பட்டிருக்கும்.

ஒன்பது கேட்டுக்கு மூன்று சிப் வேண்டும். மூன்றாவதில் ஒரே ஒரு கேட்தான் வேலை செய்யும். மிஞ்சும் மூன்று கேட்டுகளின் ஆறு உள்ளீடுகளையும் கிரவுண்டோடு சேர்த்துவிடுங்கள். அந்தரத்தில் விட்டால் அவை 0-க்கும் 1-க்கும் நடுவே அலைந்து, பேட்டரியை வீணாக இறக்கும். அவற்றின் வெளியீடுகளை மட்டும் எதோடும் சேர்க்காமல் விட வேண்டும்.